பட்டர் கிரீம் முதலில் நறநறக்கிறது, பிறகு திரிந்துபோகிறது: மே மாத வெயிலில் என்ன செய்வது?

மஞ்சக்குப்பம் மல்லிகை | வியாழன், காலை 11.20

அனைவருக்கும் வணக்கம். கடலூரில் வீட்டிலிருந்தே கேக் செய்து கொடுக்கிறேன். சனிக்கிழமை மாலை சில்வர் பீச் பக்கத்தில் ஒரு பிறந்தநாள் விழா. கேக்கின் மேல் முழுக்கப் பட்டர் கிரீம் பூக்கள் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். இன்று ஒத்திகையாக ஒரு கலவை செய்து பார்த்தேன்.

வெண்ணெய் 250 கிராம், சர்க்கரை 500 கிராம், பால் இரண்டு மேசைக்கரண்டி. சமையல் குறிப்பில் "அறை வெப்பநிலையில் இருக்கும் வெண்ணெய்" என்று இருந்ததால், காலை ஏழு மணிக்கே குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்துவிட்டேன். பத்து மணிக்குத் தொட்டால் விரல் உள்ளே போய்விட்டது, ஓரமெல்லாம் பளபளவென்று எண்ணெய். சரி, இறுகட்டும் என்று மறுபடியும் அரை மணி நேரம் உள்ளே வைத்து எடுத்து அடித்தேன். சர்க்கரை சேர்த்ததும் நாக்கில் நறநறவென்று இருந்தது. பால் ஊற்றியதும் திரிந்த பால்போலச் சிறு சிறு கட்டியாகி, அடியில் தண்ணீர் நிற்கிறது. எவ்வளவு அடித்தாலும் சேரவில்லை.

வெண்ணெயில் குறையா, சர்க்கரையில் குறையா? இந்தக் கிண்ணத்தைக் காப்பாற்ற முடியுமா?

---

கெடிலக்கரை | வியாழன், காலை 11.41

அக்கா, கிரீமை அதிகமாக அடித்துவிட்டீர்கள். அடிப்பதற்கு முன் கிண்ணத்தையும் கம்பியையும் உறைபெட்டியில் வைத்து நன்றாகக் குளிரவைக்க வேண்டும். கூர்மையாக நிமிர்ந்து நிற்கும்போதே நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் ஒரு நிமிடம் அடித்தாலும் வெண்ணெயாகத் திரிந்து தண்ணீர் விட்டுவிடும். எங்கள் வீட்டில் இதே கதைதான் நடந்தது.

---

மஞ்சக்குப்பம் மல்லிகை | வியாழன், காலை 11.48

தம்பி, நீங்கள் சொல்வது பாலாடைக் கிரீம். நான் செய்தது பட்டர் கிரீம். ஏற்கெனவே வெண்ணெயாக இருப்பதைத்தான் அடிக்கிறேன்.

---

லாசுப்பேட்டை லட்டு | வியாழன், நண்பகல் 12.05

நறநறப்புக்குக் காரணம் சர்க்கரை கரையாததுதான். கடையில் வாங்கிய ஐசிங் சர்க்கரையா, வீட்டில் அரைத்ததா? எதுவாக இருந்தாலும் இன்னும் பத்து நிமிடம் வேகமாக அடியுங்கள், கரைந்துவிடும். அவசரப்பட்டு நிறுத்துவதால்தான் பலருக்கும் இப்படி ஆகிறது. சலிப்பதெல்லாம் தேவையே இல்லை, பீட்டர் பார்த்துக்கொள்ளும்.

---

முத்தியால்பேட்டை அடுமனை | வியாழன், நண்பகல் 12.52

லட்டு சொன்னதில் முதல் வரி சரி, இரண்டாவது வரி தவறு. சர்க்கரை கரையவில்லை என்பது உண்மைதான். ஆனால் பட்டர் கிரீமில் சர்க்கரை கரையவே கரையாது. விடிய விடிய அடித்தாலும் கரையாது. கொழுப்பில் சர்க்கரை கரைவதில்லை, தண்ணீரில்தான் கரையும். அந்தக் கிண்ணத்தில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பத்து நிமிடம் கூடுதலாக அடித்தால் கலவை சூடேறும், வேறு எதுவும் நடக்காது.

மல்லிகை அம்மா, உங்களுக்கு வந்திருப்பது ஒரு குறையாகத் தெரியவில்லை. நறநறப்பில் இரண்டு வகை உண்டு. ஒன்று சர்க்கரை மணல், மற்றொன்று கொழுப்பு மணல். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும், மருந்து வேறு வேறு. எது என்று தெரியாமல் பாலை ஊற்றுவதும், குளிரவைப்பதும், மறுபடி அடிப்பதும் வீண் வேலை. முதலில் இதைச் செய்யுங்கள். துவரம்பருப்பு அளவு எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெல்லத் தேயுங்கள். பத்து எண்ணும் வரை தேயுங்கள், விரலின் சூடு ஏற வேண்டும். மணிகள் வழுக்கிக்கொண்டு காணாமல் போனால் அது கொழுப்பு. கடைசிவரை உரசிக்கொண்டே இருந்தால் சர்க்கரை.

சந்தேகம் தீரவில்லை என்றால் ஒரு டம்ளர் வெந்நீரில் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். கொழுப்பு உருகி மேலே மிதக்கும். சர்க்கரை அடியில் போய் உட்கார்ந்து பிறகு கரையும்.

கூடவே இந்த மூன்றையும் சொல்லுங்கள்: சர்க்கரை எங்கே அரைத்தது, சலித்தீர்களா, பால் என்ன சூட்டில் இருந்தது?

---

பண்ருட்டி பலா | வியாழன், பிற்பகல் 1.15

எங்கள் வீட்டில் மாடு இருக்கிறது, வெண்ணெய் நாங்களே கடைந்து எடுப்போம். அதில் பட்டர் கிரீம் செய்தால் எப்போதுமே தண்ணீர் விடுகிறது. சர்க்கரை நறநறப்பு கிடையாது, தண்ணீர்தான் பிரச்சினை. இதற்கும் அதே காரணமா?

---

மஞ்சக்குப்பம் மல்லிகை | வியாழன், பிற்பகல் 1.34

ஐயா, தேய்த்துப் பார்த்தேன். பாதி மணிகள் உருகிவிட்டன, பாதி கடைசிவரை உரசின. வெந்நீரிலும் மேலே எண்ணெய் மிதக்கிறது, அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. அப்படியானால் இரண்டுமா?

சர்க்கரை சாதாரணச் சர்க்கரைதான், மிக்சியில் அரைத்தேன். அரைத்த கையோடு கிண்ணத்தில் சேர்த்துவிட்டேன், சலிக்கவில்லை. பால் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தது, சில்லென்று இருந்தது.

---

முத்தியால்பேட்டை அடுமனை | வியாழன், பிற்பகல் 2.20

இரண்டும்தான். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

காலை ஏழு முதல் பத்து வரை வெண்ணெய் வெளியே இருந்தது. சமையல் குறிப்பில் "அறை வெப்பநிலை" என்று எழுதியவர் குளிர்நாட்டுக்காரராக இருப்பார். அவருடைய அறை 20 டிகிரி. அக்கினி நட்சத்திரத்தில் உங்கள் சமையலறை 33 டிகிரிக்குக் குறையாது. வெண்ணெய் உருகி முடிவது ஏறக்குறைய அதே சூட்டில்தான். ஆகவே நீங்கள் வெண்ணெயை இளக வைக்கவில்லை, உருக வைத்தீர்கள். பளபளப்பு என்று எழுதினீர்களே, அதுதான் அடையாளம். அடிப்பதற்கு ஏற்ற வெண்ணெய் பளபளக்காது, மங்கலாக இருக்கும்.

அடுத்தது, உருகியதை மீண்டும் குளிரவைத்தது. நெய்யைக் காய்ச்சி வைத்தால் மெல்ல மெல்ல ஆறி மணல் மணலாக உறைகிறது அல்லவா? அதைத்தான் நல்ல நெய் என்று கொண்டாடுகிறோம். வெண்ணெயிலும் நடப்பது அதேதான். கடைந்து எடுத்த வெண்ணெயில் கொழுப்பு மிகப் பொடிப் பொடியாக உறைந்திருக்கும், அதனால்தான் வழவழப்பு. ஒருமுறை உருகி மறுபடி மெதுவாக உறையும்போது, அதிகச் சூட்டில் உருகும் கொழுப்பு முதலில் தனியாகப் பெரிய மணிகளாகத் திரண்டுவிடும். நெய்யில் அது அழகு, பட்டர் கிரீமில் அதுவே கேடு. உங்கள் விரலில் உருகிய மணிகள் இவைதான்.

மூன்றாவது, மிக்சியிலிருந்து நேராக வந்த சர்க்கரை. அரைத்தவுடன் ஜாரைத் தொட்டுப் பாருங்கள், நல்ல சூடாக இருக்கும். அரை கிலோ சூடான சர்க்கரையைக் கால் கிலோ வெண்ணெயில் கொட்டினால் என்ன ஆகும்? மீண்டும் இளகியது. கடைசியாகச் சில்லென்ற பால். இளகிய கொழுப்பு சட்டென்று இறுகித் தண்ணீரைத் தள்ளிவிட்டது. அடியில் நிற்பது அந்தத் தண்ணீர்தான்.

கிண்ணத்தைக் காப்பாற்றுவதைப் பற்றி: திரிந்ததையும் கொழுப்பு மணலையும் சரிசெய்யலாம். கலவையில் கால் பங்கை எடுத்து, வெந்நீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்து, ஓரம் மட்டும் உருகும் அளவுக்கு இளக்கி, மீதியை அடித்துக்கொண்டே அதில் மெல்லிய கோடாக ஊற்றுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் ஒன்றுசேரும். சர்க்கரை மணல் போகாது. அதனால் இதைப் பூ போட வைத்துக்கொள்ளாதீர்கள். இன்னொரு 250 கிராம் வெண்ணெயைச் சேர்த்தால் வெண்ணெய் 500, சர்க்கரை 500 ஆகிவிடும். கூடவே மைதா 500, முட்டை 500 கிராம், பேக்கிங் பவுடர் வழக்கம்போல. சம அளவுக் கேக்குக்கு அளவு கச்சிதம். ஒன்றும் வீணாகாது.

---

லாசுப்பேட்டை லட்டு | வியாழன், பிற்பகல் 2.44

கரையவே கரையாது என்று அடித்துச் சொல்கிறீர்கள். வெண்ணெயில் தண்ணீர் இருக்கிறதே ஐயா, பாலும் ஊற்றுகிறோமே. நான் செய்யும்போது நறநறப்பு குறைவதை நாக்கில் பார்த்திருக்கிறேன்.

---

வில்லியனூர் வாத்தியார் | வியாழன், மாலை 4.30

பள்ளி விடுமுறை, அதனால் கணக்குப் போட நேரம் இருக்கிறது. கடை வெண்ணெயில் தண்ணீர் அதிகபட்சம் 16 விழுக்காடு. 250 கிராமுக்கு 40 கிராம். இரண்டு மேசைக்கரண்டிப் பாலில் இன்னொரு 26 கிராம் என்று வையுங்கள். மொத்தம் 66. நம் ஊர்ச் சூட்டில் ஒரு கிராம் தண்ணீர் ஏறக்குறைய இரண்டு கிராம் சர்க்கரையைக் கரைக்கும். ஆகவே 130 கிராம் சர்க்கரை கரையலாம், அதுவும் எல்லாத் தண்ணீரும் சர்க்கரைக்குக் கிடைத்தால். 370 கிராம் மணியாகவே நிற்கும்.

லட்டு நாக்கில் உணர்ந்ததும் பொய்யில்லை. மிகச் சிறிய மணிகளும் பெரிய மணிகளின் கூர்மையான ஓரங்களும் முதலில் கரையும், அதனால் கொஞ்சம் மழுங்கும். ஆனால் நாக்கு பொல்லாதது. மணி 0.03 மில்லிமீட்டரைத் தாண்டினாலே கண்டுபிடித்துவிடும். மிக்சியில் அரைத்ததில் அதைவிடப் பல மடங்கு பெரியவை எத்தனையோ இருக்கும். எனவே சர்க்கரை கரைந்ததா என்ற கேள்வியை விட்டுவிட்டு, எவ்வளவு பொடியாக உள்ளே போனது என்று கேட்க வேண்டும்.

---

லாசுப்பேட்டை லட்டு | வியாழன், மாலை 4.41

சரி, கணக்கு பேசுகிறது, நான் உட்கார்ந்துகொள்கிறேன். ஆனால் சலித்தால் மட்டும் சர்க்கரை பொடியாகிவிடுமா என்ன? சல்லடை அரைக்காதே.

---

முத்தியால்பேட்டை அடுமனை | வியாழன், மாலை 5.15

நல்ல கேள்வி. சல்லடை அரைக்காது, பிரிக்கும். பெரியதை மேலே நிறுத்தி வைக்கும், அவ்வளவுதான். அந்தப் பெரியதுதான் நம் எதிரி. நூற்றில் ஐந்து பங்கு பெரிய மணி இருந்தால் போதும், கலவை முழுக்க நறநறப்பதாக நாக்கு சொல்லும்.

ஆகவே எந்தச் சல்லடை என்பது முக்கியம். டீ வடிகட்டியில் சலித்துவிட்டுச் சலித்தேன் என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதன் கண்ணில் சர்க்கரை மணியே முழுதாக இறங்கும். கடையில் வாங்கிய ஐசிங் சர்க்கரையின் கட்டியை உடைக்க மட்டும் அது போதும். மிக்சியில் அரைத்ததற்கு மைதா சலிக்கும் நெருக்கமான சல்லடையாவது வேண்டும். அதைவிட நல்லது மெல்லிய மல் துணி. நாட்டு மருந்துக் கடைக்காரர்கள் சூரணத்தை வஸ்திரகாயம் செய்வார்கள் அல்லவா, அதே முறை. அகன்ற பாத்திரத்தின் வாயில் துணியைத் தொய்வாகக் கட்டி, கைப்பிடியளவு சர்க்கரையைப் போட்டு, உள்ளங்கையால் வட்டமாகத் தடவுங்கள், அழுத்த வேண்டாம். கீழே விழுவது முகப்பவுடர்போல விரல் ரேகையில் ஒட்டும். துணியில் நிற்பதை மறுபடி மிக்சியில் போடுங்கள்.

அரைக்கும்போது 100 கிராம் சர்க்கரைக்கு ஒரு தேக்கரண்டி சோளமாவு. கடைச் சரக்கிலும் மூன்று முதல் ஐந்து விழுக்காடு வரை மாவு இருக்கும், ஈரத்தை இழுத்துக்கொள்ளத்தான். விட்டு விட்டு அரையுங்கள், ஜாரை நிரப்பாதீர்கள். அரைத்து முடித்ததும் அகலமான தட்டில் கொட்டி முழுக்க ஆறவிட்டு, அதற்குப் பிறகுதான் சலிக்க வேண்டும். சூட்டோடு மூடி வைத்தால் வேர்த்துக் கட்டியாகும்.

---

கெடிலக்கரை | வியாழன், மாலை 5.33

நெல்லிக்குப்பத்தில் ஆலையை வைத்துக்கொண்டு கடலூரில் சர்க்கரைக்குத் துணி கட்டுகிறோம்!

ஒரு சந்தேகம். நான் முந்தின இரவே சலித்து வைத்துவிடுவேன். காலையில் பார்த்தால் மேலே ஓடு கட்டியதுபோல இருக்கும். அது என்ன?

---

வில்லியனூர் வாத்தியார் | வியாழன், மாலை 5.50

கடல்காற்று. இரவிலும் விடிகாலையிலும் நம் கரையோரத்தில் காற்றில் ஈரம் மிக அதிகம். பொடித்த சர்க்கரைக்குப் பரப்பு அதிகமாகையால் ஈரத்தை வேகமாக இழுக்கும். மணிகளின் மேற்பரப்பு லேசாகக் கரைந்து ஒட்டிக்கொள்ளும், வெயில் ஏறியதும் அந்த ஒட்டு அப்படியே இறுகும். அந்த ஓடு வெண்ணெய்க்குள் போனால் உடையாது. கொழுப்பு மேலே பூசிக்கொண்டு கட்டியைக் காப்பாற்றிவிடும். அதனால் காற்றுப் புகாத டப்பாவில் வைத்திருந்தாலும் சேர்ப்பதற்குச் சற்று முன்னால் ஒருமுறை சலித்துக்கொள்வது நல்லது.

---

மஞ்சக்குப்பம் மல்லிகை | வியாழன், இரவு 8.10

சர்க்கரை புரிந்தது. இன்று இரவு அரைத்து, ஆறவைத்து, மல் துணியில் சலிக்கிறேன். நாளைக் காலை மறுபடி முயற்சி. வெண்ணெயை எந்தச் சூட்டில், எவ்வளவு நேரம் வெளியே வைக்க வேண்டும்? என்னிடம் வெப்பமானி இல்லை.

---

முத்தியால்பேட்டை அடுமனை | வியாழன், இரவு 9.02

அடிக்கத் தொடங்கும்போது 18 டிகிரி, முடியும்போது 21 அல்லது 22. பீட்டரின் உராய்விலும் சமையலறைக் காற்றிலும் மூன்று நான்கு டிகிரி தானாக ஏறும், ஆகவே கொஞ்சம் குளிர்ச்சியாகவே தொடங்குங்கள்.

மணி கணக்கு சொன்னால் ஏமாந்துபோவீர்கள். உங்கள் வீட்டுச் சன்னல் வேறு, என் வீட்டுச் சன்னல் வேறு. கையைக் கேளுங்கள். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் விரல் பருமனில் துண்டு போட்டுத் தட்டில் பரப்புங்கள். முழுக் கட்டியாக வைத்தால் ஓரம் உருகி நடு கல்லாக இருக்கும், திரிவதற்கு அதுவே போதும். மே மாதத்தில் துண்டு போட்டது பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் பதமாகிவிடும். ஒரு துண்டை எடுத்து வளையுங்கள். படீரென்று ஒடிந்தால் இன்னும் குளிர்ச்சி. மெல்ல வளைந்து பிறகு விரிசல் விட்டால் பதம். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், ஆனால் விரலில் எண்ணெய் ஒட்டக் கூடாது. ஒட்டினால் தாண்டிவிட்டது. ஐந்து நிமிடம் உள்ளே வைத்து எடுத்துவிடலாம். முழுக்க உருகி ஓடியதை மட்டும் பட்டர் கிரீமுக்கு எடுக்காதீர்கள்.

எவர்சில்வர் கிண்ணத்தில் அடியுங்கள். பக்கத்தில் ஐஸ் தண்ணீர்த் தட்டு ஒன்று இருக்கட்டும். வெண்ணெயை மட்டும் முதலில் ஐந்து நிமிடம் அடியுங்கள், மஞ்சள் வெளுத்துச் சந்தன நிறத்துக்கும் கீழே இறங்க வேண்டும். நடுவில் கிண்ணத்தின் ஓரத்தை இரண்டு முறை வழித்துவிடுங்கள். சர்க்கரையை மூன்று தவணையாக, குறைந்த வேகத்தில். முன்னது முழுக்கக் கலந்த பிறகே அடுத்தது. கலவை பளபளக்கத் தொடங்கினால் கிண்ணத்தை ஐஸ் தண்ணீரில் அரை நிமிடம் உட்காரவைத்து அடியுங்கள். கூடுதலாக வைத்தால் ஓரம் இறுகிக் கட்டியாகும்.

பால் கடைசியில், ஒரு தேக்கரண்டி வீதம். பாலும் வெண்ணெயும் ஒரே குளிர்ச்சியில் இருக்க வேண்டும். குளிர்ந்த பாலும் வேண்டாம், காய்ச்சிய சூட்டோடும் வேண்டாம்.

---

உப்பளம் பாட்டி | வியாழன், இரவு 9.40

பிள்ளைகளே, நான் புதுச்சேரியில் என் மாமியாரிடம் கற்ற முறையில் இந்தச் சல்லடைத் தகராறே கிடையாது. பிரெஞ்சுக்காரர் வீட்டுச் சமையல். சர்க்கரையில் தண்ணீர் விட்டுப் பாகு காய்ச்சி, குளிர்ந்த நீரில் ஒரு சொட்டு விட்டால் மெத்தென்று உருட்ட வரும் பதத்தில், அடித்த முட்டை மஞ்சள் கருவில் நூலாக ஊற்றி அடிக்க வேண்டும். கிண்ணத்தின் அடி கைக்குச் சூடு தெரியாத அளவு ஆறிய பிறகு வெண்ணெயைத் துண்டு துண்டாகச் சேர்க்க வேண்டும். சர்க்கரைதான் முன்பே கரைந்துவிட்டதே, மணல் எங்கிருந்து வரும்?

ஆனால் பாதி வெண்ணெய் போனதும் ஒரு கட்டத்தில் திரிந்ததுபோல அசிங்கமாகத் தெரியும். பயந்து நிறுத்தாதீர்கள். அடித்துக்கொண்டே இருந்தால் திடீரென்று பட்டாகிவிடும். பாகு காய்ச்சும்போது பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய சர்க்கரையை ஈரத் தூரிகையால் துடைத்துவிடுங்கள், அது பாகில் விழுந்தால் முழுதும் பூத்துப்போகும். இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் பயமில்லை.

---

லாசுப்பேட்டை லட்டு | வியாழன், இரவு 9.58

பாட்டி, திரிந்தால் அடித்துக்கொண்டே இருக்கச் சொல்கிறீர்கள். ஐயா பகலில் நான் அடிக்கச் சொன்னதற்கு என்னைத் திட்டினார்!

---

முத்தியால்பேட்டை அடுமனை | வியாழன், இரவு 10.11

திட்டவில்லை அம்மா, திருத்தினேன். பகலில் நீங்கள் அடிக்கச் சொன்னது சர்க்கரையைக் கரைக்க. பாட்டி சொல்வது வெண்ணெய் குளிர்ந்து கட்டியாக நிற்கும் நேரம். அடிக்க அடிக்கச் சூடேறி அது சேரும். திரிந்த கலவையில் கையை வைத்துப் பாருங்கள். சில்லென்று, முட்டைப் பொரியல்போல உதிரியாக இருந்தால் குளிர்ச்சியால் திரிந்தது. அடியுங்கள், தேவைப்பட்டால் கிண்ணத்தைச் சுற்றி வெந்நீர்த் துணி வையுங்கள். கூழாக, எண்ணெய் வடிந்து இருந்தால் சூட்டால் திரிந்தது. அடிக்காதீர்கள், பத்து நிமிடம் குளிரவைத்து ஓரத்தை வழித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். வெளிப்பார்வைக்கு இரண்டும் திரிந்ததுதான், ஆனால் செய்ய வேண்டியது நேர் எதிர்.

பாட்டியின் முறை உயர்ந்தது, ஆனால் ஒத்திகையில்லாமல் நாளைக்கே வேண்டாம். முட்டை சேராத வீட்டு ஆர்டருக்கும் ஆகாது.

---

மஞ்சக்குப்பம் மல்லிகை | வெள்ளி, காலை 10.25

ஐயா, வந்துவிட்டது! துண்டு போட்டுப் பதினொரு நிமிடத்திலேயே வளைந்தது. சர்க்கரை மூன்றாவது தவணையில் கொஞ்சம் பளபளத்தது, ஐஸ் தண்ணீரில் வைத்தேன், சரியாகிவிட்டது. விரலில் தேய்த்தால் ஒரு மணிகூட இல்லை. என் மகள் கரண்டியை விடவில்லை.

அதற்குப் பிறகு ரோஜா நிறத்துக்காகத் தண்ணீர்ச் சாயம் ஊற்றினேன். நிறம் வெளிறி இருந்ததால் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனேன், இப்போது ஓரத்தில் சிறு சிறு துளியாக வேர்க்கிறது. மணல் இல்லை.

---

முத்தியால்பேட்டை அடுமனை | வெள்ளி, காலை 10.50

கொழுப்பு தாங்கக்கூடிய தண்ணீருக்கு எல்லை உண்டு, அதைத் தொட்டுவிட்டீர்கள். இரண்டு மூன்று மேசைக்கரண்டி பதமான வெண்ணெயைத் தனியாக வெளுக்க அடித்து, வேர்த்த கலவையைக் கரண்டி கரண்டியாக அதில் சேருங்கள். தலைகீழாகச் செய்யாதீர்கள். கலவையில் வெண்ணெயைப் போட்டால் சேர நேரமாகும். அடுத்த முறை கெட்டியான ஜெல் சாயம் வாங்குங்கள், குண்டூசி முனையளவு போதும். செய்து ஒரு மணி நேரம் கழித்து நிறம் தானாகவும் கொஞ்சம் ஏறும்.

---

பண்ருட்டி பலா | வெள்ளி, காலை 11.30

என் வெண்ணெயை எல்லோரும் மறந்துவிட்டீர்கள்.

---

வில்லியனூர் வாத்தியார் | வெள்ளி, பிற்பகல் 12.15

மறக்கவில்லை. உங்களுக்கும் காரணம் தண்ணீர்தான், ஆனால் அது முதலிலேயே வெண்ணெய்க்குள் இருக்கிறது. வீட்டில் கடைந்த வெண்ணெயில் மோர் தங்கும், சில சமயம் கடை வெண்ணெயைவிடக் கணிசமாக அதிகம். ஐஸ் தண்ணீரில் போட்டு, தண்ணீர் தெளிவாகும்வரை பிசைந்து கழுவி, மரக்கரண்டியால் தட்டில் அழுத்தி அழுத்தித் துளி வருவது நிற்கும்வரை பிழியுங்கள். பிறகு பால் சேர்க்காமலே பட்டர் கிரீம் செய்து பாருங்கள்.

---

கடற்கரைச் சாலை மொத்த வியாபாரம் | வெள்ளி, பிற்பகல் 1.05

எல்லாம் சரி. நாளை மாலை சில்வர் பீச்சில் அந்தப் பூ எத்தனை நிமிடம் நிற்கும்? நான் பேக்கரிகளுக்குச் சரக்குப் போடுபவன். கோடையில் யாரும் வெண்ணெயை மட்டும் நம்புவதில்லை. நூற்றுக்கு முப்பது பங்கு கேக் கொழுப்பு சேருங்கள். அது அதிகச் சூட்டில்தான் உருகும்.

---

முத்தியால்பேட்டை அடுமனை | வெள்ளி, பிற்பகல் 1.30

சேர்த்தால் நிற்கும், மறுக்கவில்லை. ஆனால் வாயில் உருகாது, அண்ணத்தில் மெழுகுபோல ஒட்டும். வெண்ணெய்ப் பூ என்று காசு வாங்கிக்கொண்டு அதைச் செய்ய எனக்கு மனம் வராது. நன்றாகக் குளிரவைத்துக் கொண்டுபோய், விழா தொடங்கும் நேரத்தில் பெட்டியைத் திறக்க வேண்டும்.

---

கடற்கரைச் சாலை மொத்த வியாபாரம் | வெள்ளி, பிற்பகல் 1.42

ஐயா மனம் வராதென்று சொல்வார், மண்டபக்காரர் விழாவை ஒரு மணி நேரம் தள்ளிவைப்பார். பூ வழிந்தால் திட்டு வாங்கப்போவது மல்லிகை அக்காதான். பத்துப் பங்காவது சேருங்கள்.

---

உப்பளம் பாட்டி | வெள்ளி, பிற்பகல் 2.20

கேக் முழுக்கப் பூ போடுவானேன்? பக்கங்களுக்கு மெல்லிய பூச்சு போதும். பூக்களைத் தனியாகத் தாளில் போட்டு உறைபெட்டியில் வைத்து, மண்டபத்தில் போய் ஒவ்வொன்றாக எடுத்து வையம்மா.

---

மஞ்சக்குப்பம் மல்லிகை | வெள்ளி, மாலை 3.05

பாட்டியின் யோசனைப்படி பூக்களைத் தனியாகப் போடுகிறேன். பெரிய பூக்களுக்கு வெண்ணெய் மட்டும். கேக்கின் அடியைச் சுற்றி வரும் ஓரப்பூச்சுக்கு மட்டும் பத்துப் பங்கு கேக் கொழுப்பு சேர்த்துப் பார்க்கிறேன், ஐயா மன்னிக்க வேண்டும். மண்டபத்தில் குளிர்பானப் பெட்டி இருக்கிறதாம், அதில் ஒரு தட்டு காலி செய்து தரச் சொல்லியிருக்கிறேன். இப்போது அடுத்த கால் கிலோவுக்குச் சர்க்கரை சலிக்கப் போகிறேன், மல் துணி இன்னும் காயவில்லை.

---

முத்தியால்பேட்டை அடுமனை | வெள்ளி, மாலை 3.12

ஈரத் துணியில் சலித்துவிடாதீர்கள் அம்மா! வேறு துணி எடுங்கள்.